கடுகு மஞ்சள் கட்ச் ஜாக்கெட்: கூட எதைப் போட்டாலும் தாண்டியா ஆடப் போவது போல் இருக்கிறது

மாடிவீட்டுப்பூனை

போன டிசம்பரில் குஜராத்தில் கட்ச் பக்கம் புஜ் போயிருந்தபோது ஒரு ஜாக்கெட் வாங்கினேன். கடுகு மஞ்சள் பருத்தித் துணி. முன்பக்கம் இரண்டு பக்கமும், கை ஓரத்திலும் கண்ணாடி வைத்த எம்பிராய்டரி. மெரூன், பாட்டில் பச்சை, ராணி பிங்க், நடுநடுவே வெள்ளை நூல். முக்கால் கை. முன்னால் திறப்பு. தோளிலிருந்து அளந்தால் நீளம் 22 அங்குலம். என் உயரம் 5 அடி 2.

மூன்று வாரத்தில் மதுரையில் சித்தப்பா மகள் ரிசப்ஷன். இதைத்தான் போடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். நேற்று முட்டி வரை வரும் வெள்ளை குர்தி, பச்சை லெகிங்ஸ் மேல் போட்டுப் பார்த்தேன். அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு "கோலாட்டக் குச்சி எங்கடி?" என்றாள். நீல ஜீன்ஸோடு போட்டால் சுற்றுலா வந்தவள் மாதிரி இருக்கிறது. ஜாக்கெட் தனியாக ஹேங்கரில் தொங்கும்போது அவ்வளவு அழகு. என் மேல் வந்ததும் என்ன ஆகிறது?

கோலப்பொடி

முக்கால் கை ஜாக்கெட் இப்போது எல்லோரும் போடுகிறார்கள்மா, கவலைப்படாதே. ஒர்க் இவ்வளவு இருந்தால் புடவை ப்ளெயினாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கை முழுக்க ஆரி ஒர்க் செய்து, அதற்கு மேல் நாலு விரல் ஜரிகை பார்டர் போட்ட பட்டைக் கட்டினாள். ஒர்க்குக்குக் கொடுத்த காசு முந்தானைக்கு அடியில் போய்விட்டது. நீ மெரூனில் ஒரு ராசில்க் எடு, பார்டர் நூல் மாதிரி சன்னமாக இருக்கட்டும். ஆனால் முன்னால் திறப்பு என்கிறாயே, ஹூக்கே இல்லையா? அதை முதலில் தைத்துவிடு.

மாடிவீட்டுப்பூனை

அம்மா, இது புடவைக்குப் போடும் ஜாக்கெட் இல்லை! கோட் மாதிரி மேலே போடுவது. 🙈

கோலப்பொடி

அட ராமா. நான் ஹூக் இல்லாத ரவிக்கையை நினைத்துப் பயந்தே போனேன்.

நைட்ஷிப்ட்

இதற்கு எதற்கு இத்தனை யோசனை? கருப்பு. கருப்புக் குர்தி, கருப்பு லெகிங்ஸ். எந்தப் பளிச் நிறமும் கருப்பின் மேல் எடுத்துக்காட்டும். உடம்பும் ஒல்லியாகத் தெரியும். நான் எல்லா ஜாக்கெட்டுக்கும் இப்படித்தான்.

ஊசிக்காது

ஈரோட்டில் 18 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். எம்பிராய்டரி ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு "அண்ணே, இதுக்கு மேட்ச்சா ஏதாச்சும் தெச்சுக் குடுங்க" என்று மாசத்துக்கு ஒருவராவது வருவார்கள்.

கோலப்பொடி அம்மா ரவிக்கை என்று நினைத்துச் சொன்னாலும் சொன்னது சரி. நம் ஊரில் ஆரி ஒர்க் ரவிக்கைக்கு எப்படிப் புடவை எடுக்கிறோமோ அதே கணக்குத்தான் இதற்கும். அப்புறம் ஏன் பூனைக்குச் சரியாக வரவில்லை? ஜாக்கெட் மஞ்சள், அதற்குக் கீழே வெள்ளை ஒரு முழம், அதற்குக் கீழே பச்சை. உங்கள் உயரத்தை மூன்று துண்டாக வெட்டிவிட்டீர்கள். ஏற்கெனவே ஜாக்கெட்டுக்குள்ளேயே ஐந்து நிறம் இருக்கிறது. கண் எங்கே நிற்பது? அதனால்தான் கோலாட்டம் ஞாபகம் வருகிறது. அந்த உடையில் பாவாடை, சோளி, துப்பட்டா எல்லாமே சேர்ந்து பேசும். அதற்கு அது அழகு.

உங்களுக்கு வேண்டியது உள்ளே கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே நிறத்தில் ஒரே ஓட்டம். குர்தியும் பேன்டும் தனித்தனியாக இருந்தாலும் ஒரே துணியில் வெட்டியதாக இருக்க வேண்டும். அதற்குப் பதில் கணுக்கால் வரை வரும் ஒற்றை உடையாகவே தைத்துவிட்டால் இன்னும் நல்லது.

ஜாக்கெட்டை மூடாதீர்கள், பின் குத்தாதீர்கள். திறந்தே இருந்தால் நடுவில் நாலைந்து விரல் அகலத்துக்கு உள் உடை தெரியும். அந்தப் பட்டை கழுத்திலிருந்து பாதம் வரை விடாமல் ஓடும். உங்கள் தோளிலிருந்து கணுக்கால் வரை 48 அங்குலம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட் 22. மூடிப் போட்டால் ஏறக்குறைய சரிபாதியில் ஒரு கோடு விழும், ஆள் பெட்டி மாதிரி தெரிவார். திறந்து விட்டால் அந்தக் கோடு நடுவில் அறுந்துபோகும். 22 அங்குலம் இடுப்பின் அகலமான இடத்தில் வந்து நிற்பதால் உங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

நிறத்தைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், கடையில் ஆள் வந்திருக்கிறார்.

நைட்ஷிப்ட்

ஒரே நிறம் என்றால் கருப்பும் ஒரே நிறம்தானே. நான் சொன்னதும் அதுதான்.

பைபாஸ்ரோடு

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே பஞ்சாயத்து. கையில்லாத எம்பிராய்டரி கோட் ஒன்று, ரத்தச் சிவப்பு. தம்பி கல்யாணத்துக்கு வேட்டி சட்டை மேல் போடலாமா? மனைவி பேண்டு வாத்தியக்காரர் மாதிரி இருக்கும் என்கிறார்.

ஊசிக்காது

நைட்ஷிப்ட் சொல்வதில் பாதி சரி. கட்ச் பக்கத்திலேயே ஆடுமாடு மேய்க்கும் ரபாரி சமூகத்துப் பெண்கள் கருப்புக் கம்பளித் துணிதான் உடுத்துவார்கள். அந்தக் கருப்பின் மேல் கண்ணாடியும் வண்ண நூலும் நட்சத்திரம் மாதிரி தெரியும். ஆனால் அந்தக் கம்பளி மங்கல், வெளிச்சத்தைக் குடித்துவிடும். லெகிங்ஸ் கருப்பு பளபளக்கும், தொடையிலும் முட்டியிலும் வெளிச்சம் விழுந்து வழுக்கும். கண்ணாடியும் மின்னுகிறது, காலும் மின்னுகிறது என்றால் கண்ணாடிக்கு என்ன மரியாதை? இன்னொன்று, பூனையின் ஜாக்கெட்டில் கருப்பு நூலே இல்லை. இல்லாத நிறத்தைக் கீழே வைத்தால் மஞ்சள் மட்டும் வெட்டி ஒட்டியது போல நிற்கும். எம்பிராய்டரிக்கு ஓரம் கட்டியது கருப்பு நூலாக இருந்திருந்தால் நானே கருப்பு என்றுதான் சொல்லியிருப்பேன்.

நான் நிறம் எடுப்பது இப்படி. எம்பிராய்டரியில் எது நிறைய இருக்கிறதோ அதை எடுக்க மாட்டேன். எது ஆழமோ அதை எடுப்பேன். ராணி பிங்க் நிறைய இருக்கும், அதை எடுத்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பாடுவது மாதிரி ஆகிவிடும். உங்களுக்கு மெரூன் அல்லது பாட்டில் பச்சை. மண்டபத்து மஞ்சள் விளக்கில் பாட்டில் பச்சை கருப்பாகத் தெரியும் என்பதால் என் ஓட்டு மெரூனுக்கு.

ஜாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். முன்னால் இருக்கும் நூல் வெயிலில், கடையில் தொங்கியதில் கொஞ்சம் வெளுத்திருக்கும். நூலின் நிஜ நிறம் முடிச்சு போட்ட பக்கத்தில்தான். ஆனால் பார்க்கிறவர்களுக்குத் தெரிவது முன்பக்கம். அதனால் துணி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும், பின்பக்கத்தை விட ஆழமாகப் போகக் கூடாது.

துணிக்கடைக்கு ஜாக்கெட்டையே எடுத்துப் போங்கள். போனில் எடுத்த படம் உதவாது. துணிச்சுருளைக் கடைக்கு வெளியே கொண்டுபோய் வெயிலில் ஒரு தடவை பார்க்கக் கேளுங்கள், விடுவார்கள். கடை விளக்கில் மெரூன் என்று வாங்கியது வெளியே வந்ததும் பாக்குக் கலராக மாறுவது தினமும் நடக்கும் கதை.

அப்புறம் ஒரு சின்ன வேலை. ஜாக்கெட் மேல் துணியைப் போட்டு ஆறடி தள்ளி நின்று போனில் கருப்பு வெள்ளைப் படம் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் போட்டாலும் ஒன்றோடொன்று குழம்பிப்போகும். மஞ்சள் வெளிறியும் துணி நல்ல அடர்த்தியாகவும் தெரிய வேண்டும்.

பைபாஸ்ரோடு: வேட்டிக்குத் தாராளமாகப் போடலாம். வேட்டியில் தங்க ஜரிகை அகலமாக இருக்கக் கூடாது, சட்டைக்குப் பையும் பட்டையும் வேண்டாம். பேண்டு வாத்தியக்காரர் ஆவது தங்க பட்டனால்தான். துணி சுற்றிய பட்டனாக மாற்றிவிடுங்கள், பாதிப் பிரச்சினை போய்விடும்.

பைபாஸ்ரோடு

தங்க பட்டன்தான்! எட்டு இருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ப்ளாஷ்பல்பு

கல்யாணப் போட்டோ எடுப்பது என் தொழில். கண்ணாடி ஒர்க் போட்டவர் மேடை ஏறினாலே எனக்குத் தெரிந்துவிடும், முகத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். நேராக நின்றால் நெஞ்சில் இருக்கும் கண்ணாடி எல்லாம் ப்ளாஷை என் மேலேயே திருப்பி அடிக்கும். லேசாக ஒரு பக்கம் திரும்பி நின்றால் போதும். இன்னொன்று, வாங்குவதற்கு முன் பெரிய கண்ணாடி எந்த இடத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். படத்தில் எல்லோருடைய கண்ணும் முதலில் அங்கேதான் போகும். பல ஜாக்கெட்டில் அது போகக் கூடாத இடத்தில் இருக்கும்.

மாடிவீட்டுப்பூனை

பெரிய கண்ணாடி காலரெலும்புக்குக் கீழே இருக்கிறது, தப்பித்தேன்.

அண்ணா, உள்ளே கை வைத்துத் தைக்கவா வேண்டாமா? கழுத்து எப்படி? மதுரை வெயிலில் இரண்டு அடுக்கு என்பது இப்போதே பயமாக இருக்கிறது. ஜாக்கெட் லைனிங்கோடு சேர்த்து எடை போட்டேன், 850 கிராம்.

ஊசிக்காது

850 கிராமை நீங்கள் ரிசப்ஷன் முழுக்கப் போட்டிருக்கப் போவதில்லை. மேடை, போட்டோ, பெரியவர்களைப் பார்ப்பது, அதோடு சரி. பந்திக்குக் கட்டாயம் கழற்றுவீர்கள். முக்கால் கையின் எம்பிராய்டரி ஓரம் சரியாக ரசத்தில் போய் விழும் உயரம். அதனால் உள் உடை தனியாகப் போட்டாலும் முழு உடையாக நிற்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். 'மேலே ஜாக்கெட் இருக்கிறதே, உள்ளே என்ன தெரியப் போகிறது' என்று பழைய குர்தியைப் போடுகிறார்கள். ஜாக்கெட்டைக் கழற்றவும் முடியாது, வியர்த்து ஊற்றும்.

கை வேண்டாம் என்பது என் யோசனை. அக்குளில் இரண்டு கைக்குழி ஒன்றின் மேல் ஒன்று வந்தால் கையைத் தூக்கும்போது ஜாக்கெட் முழுக்க மேலே ஏறும். கையில்லாமல் சங்கடம் என்றால் மணிக்கட்டு வரை முழுக் கை, ஒட்டினாற்போல். ஜாக்கெட் கைக்குக் கீழே இரண்டு அங்குலம் மட்டும் எட்டிப் பார்க்கிற மாதிரி எதுவும் வேண்டாம், அது மறந்துபோய் விட்ட மாதிரி தெரியும்.

கழுத்துக்குக் காலர் வேண்டாம், பைப்பிங் வேண்டாம், ஒரு பட்டன்கூட வேண்டாம். சாதாரண வட்டக் கழுத்து.

துணி மங்கலாக இருக்க வேண்டும், ஆனால் தொங்க வேண்டும். கைத்தறிக் காட்டன் என்றால் அழகு, ஆனால் காரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வந்தால் மடியில் சுருக்கம் விழுந்திருக்கும். பளபளப்பில்லாத ரேயான் கிரேப் எடுங்கள். 44 அங்குலப் பன்னா என்றால் 3 மீட்டர் போதும். நீளம் இரண்டு முறை வரும், மடிப்புக்கு இரண்டு அங்குலம், மிச்சத்தில் கழுத்துக்கு உள்பட்டி. தைப்பதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் போட்டு எடுங்கள், ரேயான் சுருங்கும். பக்கவாட்டில் முட்டியிலிருந்து திறப்பு விடச் சொல்லுங்கள், மாடிப்படி ஏற வேண்டும் அல்லவா.

கடைசியாக ஒன்று. ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து எம்பிராய்டரியின் பின்பக்கம் சிவப்பு நூல் மேல் ஒரு நிமிஷம் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அக்குளுக்கு வியர்வைப் பட்டை வைக்காமல் போடாதீர்கள். ராணி பிங்க் நூல் அழுதால் மஞ்சள் துணி தாங்காது.

கோலப்பொடி

நகை பற்றி யாரும் பேசவில்லையே. ரிசப்ஷனுக்குக் கழுத்து மொட்டையாகவா போவாள்?

மாடிவீட்டுப்பூனை

இங்கேதான் வீட்டில் யுத்தம். நான் வெள்ளி ஜிமிக்கி மட்டும் என்கிறேன். அம்மா ஆரம் போடாவிட்டால் கூட வர மாட்டாளாம்.

ஊசிக்காது

கண்ணாடி வெள்ளி நிறம், அதனால் வெள்ளி ஒத்துப்போகும். கழுத்தருகே எம்பிராய்டரி இருக்கும்போது சங்கிலி அதில் சிக்கும், கண்ணாடி ஓரத்து நூலைப் பிய்க்கும். காதுக்குப் பெரியதாக, கழுத்துக்கு ஒன்றும் வேண்டாம்.

கோலப்பொடி

தம்பி, நீங்கள் தையலில் கெட்டிக்காரர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மெரூனும் மஞ்சளும் சேர்ந்த இடத்தில் தங்கம் இல்லையென்றால் அது அரைக் கல்யாணம். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பந்தியில் உட்காரும்போது மொட்டைக் கழுத்தும் கையில்லாத மெரூன் துணியுமாக, மருத்துவமனையிலிருந்து வந்தவள் மாதிரி இருக்கும். ஒரு மெல்லிய செயினாவது.

நைட்ஷிப்ட்

இதில் நான் அம்மா பக்கம்.

ப்ளாஷ்பல்பு

தலைமுடியை விரித்துப் போடாதீர்கள். கண்ணாடி விளிம்பில் மாட்டிக்கொண்டு மேடையிலேயே ஒருவர் ஐந்து நிமிஷம் நின்றதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஷிபான் புடவை கட்டியவர் இருந்தாலும் கட்டிப்பிடிக்கும்போது கவனம். அவர் புடவையில் நூல் இழுத்துவிடும், உறவே போய்விடும்.

மாடிவீட்டுப்பூனை (மூன்று வாரம் கழித்து)

ரிசப்ஷன் முடிந்தது. எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன், கணக்கு ஒப்பிக்கிறேன்.

துணி முதல் தடவை சொதப்பினேன். ஜாக்கெட்டை எடுத்துத்தான் போனேன், ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனேன். வெளியே கொண்டுபோய்ப் பார்க்க வெயில் எங்கே? தெருவிளக்கில் பார்த்துவிட்டு வாங்கிவிட்டேன். காலையில் மொட்டை மாடியில் பார்த்தால் நிஜமாகவே பாக்குக் கலர். கருப்பு வெள்ளைப் படத்தில் எல்லாம் சரியாகத்தான் வந்தது, அடர்த்திக்குக் குறையில்லை. ஆனால் மஞ்சள் பக்கத்தில் வைத்தால் சோகமாக இருந்தது. வெட்டாமல் வைத்திருந்ததால் கெஞ்சி மாற்றிக்கொண்டேன். இரண்டாவது எடுத்தது கொஞ்சம் சிவப்பு ஏறிய மெரூன். ஜாக்கெட்டின் பின்பக்க நூலை விட ஒரு படி இளசு.

கையில்லாமல், கணுக்கால் வரை. ஜாக்கெட்டைத் திறந்தே விட்டேன். அந்த நடுப்பட்டை சமாசாரம் மந்திரம் மாதிரி. ஒரு தடவை சும்மா பின் குத்தி மூடிப் பார்த்தேன், உடனே குட்டையாகிவிட்டேன். காலுக்கு ஒரு வேலைப்பாடும் இல்லாத தோல் செருப்பு, இரண்டு அங்குல ஹீல். பையைத் தோளில் மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டேன், பட்டை உரசி நூல் வரும் என்ற பயம்.

ஈரத்துணி வைத்துப் பார்த்ததில் பிங்க் லேசாக ஒட்டியது. பட்டை வைத்தேன். அப்படியும் இடது அக்குளில் லைனிங்கில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறை. வெளியே தெரியவில்லை.

நகையில் யாரும் ஜெயிக்கவில்லை. வெள்ளி ஜிமிக்கியோடு கிளம்பினேன். பந்திக்கு உட்கார்ந்ததும் அம்மா தன் கைப்பையிலிருந்து ஒரு செயினை எடுத்துப் பேசாமல் கழுத்தில் போட்டுவிட்டாள். அந்த மெரூனுக்கு அது அழகாகத்தான் இருந்தது. அப்புறம் ஜாக்கெட்டை மறுபடி போட்டதும் இரண்டு தடவை சிக்கியது. அதனால் அண்ணாவும் சரி, அம்மாவும் சரி.

இப்போது வேறு பிரச்சினை. சித்தி பையன் மடியில் உட்கார்ந்து நோண்டி ஒரு கண்ணாடியைப் பிய்த்துவிட்டான். கை ஓரத்தில், பட்டாணி அளவு. பசை போட்டு ஒட்டலாமா?

ஊசிக்காது

பசையைத் தொடாதீர்கள். துணி மஞ்சளாகக் கெட்டிப்படும், அப்புறம் ஊசியும் இறங்காது. கண்ணாடியில் ஓட்டை கிடையாது, அதைப் பிடித்து வைத்திருப்பது நூல் சட்டம்தான். கண்ணாடியை இடத்தில் வைத்து, அதன் மேலேயே குறுக்கே இரண்டு நூல், நெடுக்கே இரண்டு நூல், இழுத்துக் கட்டுங்கள். அது மேல் சாய்வாக இன்னொரு நாலு. இப்போது கண்ணாடி ஆடாது. பிறகு அந்த நூலையும் ஓரத்துத் துணியையும் சேர்த்துச் சேர்த்துப் பிடித்தபடி சுற்றி வர வேண்டும். இழுக்க இழுக்க நடுவில் இருக்கும் நூல் விளிம்புக்கு விலகி வட்டம் திறக்கும். முதல் நாலு நூல் தளர்வாக இருந்தால் கடைசியில் கண்ணாடி வழுக்கி வெளியே வந்துவிடும், அதை மட்டும் இறுக்கமாகப் போடுங்கள். இரட்டை இழை பருத்தி நூல் போதும்.

கறையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தண்ணீர் பட்டால் பரவும். உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் ஒரு நாள் காற்றாட விட்டு மடித்து வையுங்கள்.

பைபாஸ்ரோடு

என் பட்டனை மாற்றினேன். மனைவி இப்போது கோட் பரவாயில்லை, மீசைதான் இடிக்கிறது என்கிறார்.

கோலப்பொடி

அது சரி, பிய்ந்த கண்ணாடி கிடைத்ததா இல்லையா?

மாடிவீட்டுப்பூனை

கிடைத்தது அம்மா. பையனின் சட்டைப் பையில். அவனுக்கு ஒரு ஐந்து ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்கினேன்.